அப்பத்தாவின் தகப்பனார் எங்கே பிறந்தார்?

கேள்வி: என் பாட்டி சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கையில் இருப்பவை அகதி அட்டையும் ஆதாரும்தான். அவருக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்க வழி உண்டா? ஆதார் போதாதா?

போதாது. ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. இங்கே தங்கியிருப்பவர் என்பதற்குத்தான் அது அடையாளம். உங்கள் பாட்டியும் என் அப்பத்தாவைப் போல 1983க்குப் பிறகு படகில் வந்தவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அறுபதுகளின் ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தவர் என்றால் அவர் ஏற்கெனவே இந்தியக் குடிமகள்; உங்களுக்கு இந்தப் பதில் தேவையில்லை. நான் வழக்கறிஞர் அல்லன். தேவகோட்டைப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைக்கும் ஆவண எழுத்தர். ஆகவே சட்ட நுணுக்கத்தில் குறை காண்பவர்கள் காணட்டும். ஒரு தாள் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பது எனக்குத் தொழில்.

என் அப்பத்தா 1938இல் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார், அதாவது என் பூட்டனார், இளவயதில் கங்காணி ஒருவரோடு மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்தவர். சிவகங்கைச் சீமையில் மழை பொய்த்த ஆண்டுகளில் அப்படிப் போனவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அவர் எங்கள் கிராமத்தில்தான் பிறந்தார் என்பதில் எங்கள் பங்காளிகள் யாருக்கும் ஐயமில்லை. ஐயப்படுவது அலுவலகங்கள் மட்டுமே. அதுவும் இரண்டு நாட்டு அலுவலகங்கள்.

இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அங்கே பிறந்த ஒருவர் பிறந்ததனாலேயே குடிமகன் ஆகிவிடவில்லை. அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அப்பத்தாவுக்கு அப்போது பத்து வயது; தந்தை பிறந்தது இந்தியாவில்; ஆகவே அவர் இலங்கைக்காரி இல்லை என்று ஆயிற்று. அடுத்த ஆண்டு இந்தியர், பாகிஸ்தானியர் வதிவோருக்கென்று தனிச்சட்டம் வந்தது. மணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். இடையில் ஓராண்டுக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். பூட்டனார் விண்ணப்பித்தார். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளுக்குள்தான் தன் தாயின் இழவுக்கு ஊர் வந்தவர், தம்பியோடு பாகம் பிரிப்பதில் இழுபறியாகி ஓராண்டு தாண்டி இங்கேயே தங்கியிருந்தார். விசாரணையில் அது வெளிப்பட்டது. அதோடு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்ததும் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது: ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் இங்கே நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் உடையவன் ஆவானா என்று கேட்டார்களாம். விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று.

பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதமுள்ள ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்றும் முடிவாயிற்று. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், காளைமாட்டைப் பிரிப்பதென்றாலும் எங்கள் ஊரில் அது யார் தொழுவத்தில் நின்றது என்று முதலில் கேட்பார்கள். என் அப்பாவின் தகப்பனார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். முடிவு வருமுன் இறந்துபோனார். 1977 கலவரத்தின்போது தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனார்கள். 1983க்கு அடுத்த ஆண்டு படகேறி இராமேசுவரம் வந்தார்கள். மறுபடியும் அதே மண்டபம் முகாம், பிறகு எங்கள் மாவட்டத்து முகாம் ஒன்று.

இங்கே வந்த பின் நடந்ததுதான் உங்களுக்குப் பயன்படும். குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், இந்திய வம்சாவளியினர் பதிவு மூலம் குடியுரிமை பெற இடம் உண்டு. அந்தப் பிரிவின்படி வம்சாவளியினர் என்றால், தாமோ தம் பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவராக இருக்க வேண்டும். எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். “ஆச்சி, உங்க அப்பா இந்தியாவிலே பொறந்ததுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?” என்றார். அப்பத்தா சற்றும் யோசிக்காமல், “அங்கினயும் இதையேதான் தொரை கேட்டாங்க, இங்கினயும் கேக்குறீங்க. எங்கய்யா பொறக்கையில நான் பக்கத்துலயா இருந்தேன்?” என்றார். இன்றுவரை அவருக்கு அலுவலர் எல்லாரும் தொரைதான்.

ஆதாரம் தேடினோம். அப்பத்தாவின் பிறப்புச் சான்றிதழ் இலங்கையிலிருந்து கிடைத்தது. அதில் தகப்பனாரின் இனம் இந்தியத் தமிழர் என்று இருந்தது. அது இனத்தைச் சொல்கிறதே தவிர பிறப்பிடத்தைச் சொல்லவில்லை என்றார்கள், அது சரியும்கூட. எங்கள் கிராமத்துப் பழைய பிறப்புப் பதிவேட்டில் பொருந்தக்கூடிய பதிவு ஒன்று இருந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பதிவுகளில் பலவற்றில் போல அதிலும் குழந்தைக்குப் பெயர் இல்லை; தகப்பன் பெயரும், ஆண் குழந்தை என்ற குறிப்பும் மட்டுமே. அண்ணன் தம்பி இருவரில் அந்தக் குழந்தை யார் என்பதற்கு விடை இல்லை.

கண்டியில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் குடும்பம் ஒன்றின் வளவில் என் தாயார் பல காலம் வேலை பார்த்தவர். அந்த வீட்டு ஆச்சி, பெட்டகசாலையில் கட்டிவைத்திருந்த பழைய பேரேடுகளைப் பார்க்க எனக்கு அனுமதி தந்தார்கள். தோட்டத்தில் கட்டிய பணம் இங்கே ஊரில் பட்டுவாடா ஆன கணக்கில் பூட்டனாரின் பெயர், அவர் தகப்பன் பெயர், ஊர்ப்பெயர், பணம் வாங்கிய தம்பியின் கைநாட்டு எல்லாம் இருந்தன. நான் பார்த்த பத்திரங்களிலேயே இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டது குறைவு. அலுவலர் அதையும் ஏற்கவில்லை. பணம் அனுப்பினார் என்பது மெய்; அவர் இலங்கையிலேயே பிறந்தவர் இல்லை என்பதற்கு இது எப்படிச் சான்று என்றார். எந்தப் பணத்தால் அங்கே அவர் அந்நியர் என்று தீர்ப்பாயிற்றோ, அதே பணம் இங்கே ஒரு பொருட்டாகவே எண்ணப்படவில்லை. நான் அலுவலரைக் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பேரேட்டை வைத்துப் பிறப்பை முடிவு செய்யமாட்டேன். என் கோபமெல்லாம், பிறப்பையே எழுதிவைக்காத ஒரு காலத்து ஏழையிடம் பிறப்பைக் கேட்கும் சட்டத்தின் மீதுதான்.

கடைசியில் கைகொடுத்தது, பூட்டனாரைத் தள்ளுபடி செய்த அதே விண்ணப்பம். அப்பத்தாவின் தங்கை தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்; 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைக் குடிமகள் ஆனவர். அவரிடம் அதன் நகல் இருந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், விண்ணப்பிப்பவரின் பூர்வீகம் இந்திய நிலப்பகுதி ஒன்றில் இருக்க வேண்டும் என்று கேட்டது. ஆகவே அந்தப் படிவத்தில் பிறந்த கிராமமும் தாலுகாவும் அவர் வாக்குமூலமாகவே எழுதப்பட்டிருந்தன. அதை ஏற்று விசாரித்து, வதிவுக் குறைபாட்டைக் காட்டி நிராகரித்த ஆணையும் உடன் இருந்தது. இதை மட்டும் எங்கள் அலுவலர் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, இலங்கை வெளியுறவு அமைச்சின் சான்றொப்பம் பெற்று வரச் சொன்னார். அதைப் பெற்றுக் கொடுத்துவிட்டோம்.

இதனால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இன்னொரு தடை இருக்கிறது. கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் 5ஆம் பிரிவின் கீழ்ப் பதிவு பெற முடியாது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த சொல் அது. விண்ணப்பப் படிவமும் தற்போதைய நாட்டின் கடவுச்சீட்டைக் கேட்கிறது. எந்த நாடும் இல்லாதவர் எதை இணைப்பார்? மலையக வழியில் வந்த முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில், இவர்கள் இந்த மண்ணின் வழிவந்தவர்கள், இவ்வளவு காலம் நாடற்றவர்களாக வைத்திருப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்கு மாறானது என்று கூறி, விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க ஆணையிட்டது. எங்கள் விண்ணப்பத்தில் அந்தத் தீர்ப்பையே இணைத்திருக்கிறோம். கோப்பு மாவட்டத்திலிருந்து மேலே போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. முதலில் இலங்கைக் குடியுரிமை வாங்கிவிட்டு அந்தக் கடவுச்சீட்டோடு இங்கே விண்ணப்பிக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் எண்பத்தைந்து கடந்தவரை, தன்னை நிராகரித்த நாட்டின் குடிமகள் என்று கையெழுத்திடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பாட்டிக்கு அதில் தடை இல்லையென்றால், கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மட்டும் எப்படிக் குடிமகன் என்று யாரேனும் கேட்பார்கள்: 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தேன், என் தாயாரும் இவ்வூர்க்காரர். அப்பத்தாவின் அகதி அட்டையில் நாடு இலங்கை என்றே இருக்கிறது. இலங்கை அவரை ஒருநாளும் தன் குடிமகள் என்று சொன்னதில்லை.

ஆகவே இப்போதே செய்யக்கூடியது இது. பாட்டியின் தகப்பனார் 1951 ஆகஸ்டுக்குள் அங்கே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தாரா என்று, தோட்டத்தில் இருக்கும் உறவினரைக் கேளுங்கள். நிராகரித்த ஆணை என்று தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதுவே முதல் சான்று. அது கிடைத்தால் ஊர்ப்பெயரோடு தாலுகா, மாவட்டப் பெயர்களையும் பாருங்கள். அன்று சிவகங்கை மாவட்டம் கிடையாது. 1985 வரை நாம் இராமநாதபுரம் மாவட்டம். படிவத்தில் ராம்நாட் என்று இருந்து, இங்கே நீங்கள் சிவகங்கை என்று எழுதினால் அதையே முரண்பாடு என்று திருப்பி அனுப்புவார்கள். அன்றைய அந்தக் கிராமமும் இன்றைய இந்தக் கிராமமும் ஒன்றே என்று வட்டாட்சியரிடம் ஒரு சான்று வாங்கி, விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.