காரில் காய்ந்த வாட்ச், கண்ணாடிக்குள் ஆவி

கேள்வி: மதிய வெயிலில் கார் டேஷ்போர்டில் விட்டுப் போன வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு ஏசி அறைக்குள் போனேன். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து, அப்புறம் தானாகவே மறைந்துவிட்டது. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்தான். அடுத்த வாரம் நீண்ட விமானப் பயணம். கட்டிக்கொண்டு போகலாமா, பெட்டியில் வைத்துவிடலாமா?

பதில்: ஆவி எவ்வளவு நேரம் நின்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளே அடைபட்ட காற்றில் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. கண்ணாடி சட்டென்று குளிரும்போது அது படியும். ஓரிரு நிமிடத்தில் மறைந்து, மறுபடி வரவில்லை என்றால் பயமில்லை. நெடுநேரம் நின்றாலோ, ஏசி அறைக்குள் போகும்போதெல்லாம் வந்தாலோ, பின்மூடியிலோ, நேரம் மாற்ற ஓரத்தில் இருக்கும் திருகுமுனையிலோ உள்ள ரப்பர் வளையம் தளர்ந்து ஈரம் உள்ளே போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டு சாதாரண தண்ணீரை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். அடியில் ஆவி தெரிந்தால் வாட்ச் தேறவில்லை. கையில் கட்டியிருந்த சூட்டோடு வீட்டிலேயே செய்தாலும் ஓரளவு தெரியும். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

தேறவில்லை என்றால் ரிப்பேர் கடையில் திறந்து உலர்த்தி, வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். ஹேர் டிரையர் சூடு, அரிசி டப்பா இரண்டும் வீண் வேலை. திருகுமுனையை இழுத்து விட்டுக் காய வைப்பது இன்னும் மோசம், வெளி ஈரமும் உள்ளே போகும்.

விமானத்தில் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். கேபின் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் குறையும். தரையோடு ஒப்பிட்டால் கால் பங்கு குறைவு, அவ்வளவே. நல்ல வாட்ச் அதற்கு அசராது. ஏறுமுன் திருகுமுனை முழுதாக உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நெடுநேரம் உட்கார்ந்தால் கை வீங்கும், பட்டையை ஒரு துளை தளர்த்துங்கள். கழற்றினால் கைப்பையில் வையுங்கள். லக்கேஜில் போடும் பெட்டியில் அடிபடும், தொலைந்தும் போகலாம். ஸ்மார்ட்வாட்ச்சில் லித்தியம் பேட்டரி இருப்பதால், அதையும் கூடவே வைத்துக்கொள்வதே சரி.

உண்மையான எதிரி அந்த டேஷ்போர்டுதான். வெயிலில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமில்லை, டேஷ்போர்டு அதையும் தாண்டும். ரப்பர் வளையம் விறைக்கும், தோல் பட்டை வெடிக்கும், பழைய பேட்டரி கசியும். கசிவு மெஷினில் பட்டால் வாட்சே போச்சு. டிஜிட்டல் வாட்சின் திரை கறுத்துப் போயிருந்தால் ஆறவிடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வையுங்கள். எடுத்தவுடன் ஏசி காற்று வரும் துவாரத்தில் காட்டவோ குழாய்த் தண்ணீரில் கழுவவோ கூடாது. உள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்கும்போது, தளர்ந்த வளையத்தின் வழியே அந்தத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும்.