கற்றாழையை முதலில் வெளியே எடுங்கள்

"பால்கனியில் ஒரே நீளத் தொட்டியில் துளசி, புதினா, கற்றாழை வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். கற்றாழையின் அடிமடல்கள் கொழகொழவென்று ஆகின்றன. ஏன்?"

புதினாவுக்கு ஊற்றும் தண்ணீர்தான் கற்றாழையை அழுகவைக்கிறது. இன்றே அதைப் பிடுங்கி, பழுப்பேறிக் கொழகொழத்த வேரையும் மடலையும் சுத்தமான கத்தியால் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடம் காய்ந்து தோல்போல் இறுகும்வரை நான்கைந்து நாள் நிழலில் கிடக்கட்டும். பிறகு மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, அடியில் துளையுள்ள சிறிய தொட்டியில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். அதன்பின் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரமே தட்டுப்படாதபோது மட்டும் ஊற்றுங்கள். தண்டின் உள்ளேயும் பழுப்பாக இருந்தால் தாய்ச்செடி பிழைப்பது கடினம். நல்ல பக்கக்கன்று இருந்தால் அதை நடுங்கள்.

புதினாவுக்கும் தனித்தொட்டி கொடுத்துவிடுங்கள். அதன் ஓடுதண்டுகள் பரவித் துளசியின் வேரை நெருக்கிவிடும், பாவம்.