நினைவுக்கல்லில் எழுத்து வெட்டுவது: கேள்வி பதில்

அண்ணாச்சி, ஆழமா வெட்டினாத்தான் எழுத்து நிக்கும்னு சொல்றாங்க. அரை அங்குலம் போகலாமா? (பாளையங்கோட்டை)

வேண்டாம். ஆழத்தைக் கோட்டின் அகலத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரு பக்கமும் சரிந்து நடுவில் கூடுகிற பள்ளமாக வெட்டினால், 5 மி.மீ. அகலக் கோட்டுக்கு 3 முதல் 4 மி.மீ. ஆழம் போதும். ஒரு சரிவில் வெயில், மறு சரிவில் நிழல் விழுவதால்தான் எழுத்து வாசிக்கக் கிடைக்கிறது. அரை அங்குலம் போனால் சரிவு செங்குத்தாகிவிடும், கருங்கல்லில் ஓரமும் பொரியும்.

எங்க தாத்தா கல்லறையில எழுத்தே தெரியல. ஆழம் பத்தலதான? (வள்ளியூர்)

அப்படி உடனே சொல்லிவிட முடியாது. அது படுக்கைக்கல்லா, நிறுத்திய கல்லா? படுக்கைக்கல்லில் மழைத்தண்ணீர் பள்ளத்திலேயே தேங்கி அழுக்குப் படியும். உச்சிவெயிலில் நிழலும் விழாது. ராத்திரி டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வெட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கழுவினாலே போதும்.

ஆங்கிலப் பேருக்கு எழுத்து நுனியில சின்னக் குறுக்குக்கோடா கால் வைக்கிறாங்களே, தமிழுக்கும் வைக்கலாமா? (நாசரேத்)

ஆங்கிலத்துக்கே மயிரிழைக் கால் கருங்கல்லில் நிற்காது. ஒரே அளவு சரிவில் வெட்டும்போது கோடு மெலிந்தால் ஆழமும் குறையும், அதனால் மெல்லிய கால்தான் முதலில் மறையும். தண்டிலிருந்து சின்ன வளைவோடு அகன்று வரும் குட்டையான கால் தாங்கும். தமிழுக்குத் தனியாகக் கால் ஒட்டினால் எனக்குப் பிடிக்காது. கோடு முடிகிற இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, உளியால் முக்கோணமாக முடித்தால் போதும்.

ஸ்கேல் வச்சு எல்லா எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டேன். ஆனாலும் கோணலாத் தெரியுது. (தென்காசி)

ஸ்கேல் வைத்ததால்தான். ‘தோற்றம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்காலும் அடுத்து வரும் இரண்டு றகரமும் நேர்க்கோடுகள். ஒரே இடைவெளி விட்டால் கம்பிவேலி மாதிரி நெருங்கி நிற்கும். தகரத்தின் வளைவுப் பக்கமோ காலியாகத் தெரியும். நேர்க்கோடும் நேர்க்கோடும் சந்திக்கிற இடத்தில் கூடுதலாக விடுங்கள், வளைவுப் பக்கம் நெருக்குங்கள். முதலில் காகிதத்தில் வரைந்து, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எழுத்தாகப் படிக்க வராததால் இடைவெளி மட்டும் கண்ணில் படும்.

அப்புறம் புள்ளி. மேல்கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு கோட்டகலமாவது கல் மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் அந்தத் துண்டு பெயர்ந்து வந்துவிடும். றகரத்தின் வால் கீழே இறங்கும், அடுத்த வரியின் புள்ளி மேலே ஏறும். இரண்டும் முட்டாதபடி வரி இடைவெளியை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லுக்குத் தங்கப் பெயின்ட் அடிக்கலாமா? (நாங்குநேரி)

அதில் வெட்டிய இடம் வெளுப்பாகத் தெரியும் என்பதால் நான் அடிக்கச் சொல்லமாட்டேன். தூரத்திலிருந்து படிக்கணும் என்று அடிப்பவர்களும் உண்டு. அடித்தால் வெயிலில் உரியும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டிவரும்.