200 மூட்டை எடுத்தால் லாபமா?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 25 கிலோ துவரம் பருப்பு மூட்டை வருடத்துக்கு 600 போகிறது. வாங்கும் விலை 150 வெள்ளி. லாரிக்கும் இறக்குகூலிக்கும் ஒவ்வொரு தடவையும் 80 வெள்ளி ஆகிறது. இப்போது மாதம் 50 மூட்டை எடுக்கிறேன். ஒரே தடவையில் 200 எடுத்தால் மூட்டைக்கு 50 சென் குறைப்பதாக மொத்த வியாபாரி சொல்கிறார். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகன் ஏதோ கணக்குப் போட்டு, '80 எடுங்கள் அப்பா' என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மகன் பேச்சை. ஆனால் அவன் எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

ஒரு தடவைக்கு Q மூட்டை எடுத்தால் வருடத்துக்கு 600/Q தடவை லாரி வரும், தடவைக்கு 80 வெள்ளி. சரக்கு வந்த அன்று Q மூட்டை இருக்கும், தீரும் அன்று ஒன்றும் இருக்காது. விற்பனை சீராகப் போனால் சராசரியாக ஸ்டோரில் கிடப்பது அதில் பாதி. ஒரு மூட்டை வருடம் முழுக்கக் கிடந்தால் எவ்வளவு நஷ்டம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் மகனுக்கு 80 வந்திருப்பதால், அவன் அதை 15 வெள்ளி என்று வைத்திருக்கிறான் என்பது பின்னோக்கிக் கணக்குப் போட்டாலே தெரிகிறது. லாரிச் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்த வருடச் செலவை C(Q) என்று வைத்தால்:

```
C(Q)  = 48000/Q + 7.5Q
C'(Q) = -48000/Q² + 7.5 = 0
Q² = 6400,  Q = 80
```

இரண்டாவது வரிதான் வகைக்கெழு. பள்ளியில் 'பெம்பேஸாஆன்' என்று படித்திருப்பான். கடைக்காரர் மொழியில் சொன்னால், இன்னும் ஒரு மூட்டை கூட்டி எடுத்தால் லாரிச் செலவில் எவ்வளவு மிச்சம், ஸ்டோரில் எவ்வளவு கூடுதல் என்ற கேள்வி. நீங்கள் இப்போது எடுக்கும் 50-இல், கூடுதல் மூட்டை ஒன்றுக்கு வருடத்தில் சுமார் 19.20 வெள்ளி மிச்சமாகும், 7.50 வெள்ளி செலவு கூடும். அப்படியானால் கூட்டலாம். 200-இல் மிச்சம் வெறும் 1.20, செலவு அதே 7.50. இரண்டும் சமமாகும் இடம் 80. அங்கே லாரிக்கு 600, இருப்புக்கு 600, ஆக மொத்தம் 1200 வெள்ளி.

இனி வியாபாரியின் தள்ளுபடி. 200 எடுத்தால் லாரிக்கு 240, இருப்புக்கு 1500, மொத்தம் 1740. தள்ளுபடியில் கிடைப்பது 600 × 50 சென் = 300 வெள்ளி. கழித்தால் 1440. இப்போது நீங்கள் செலவழிப்பதே 1335-தான்! ஆக, சலுகை விலையில் வாங்கி வருடத்துக்கு 105 வெள்ளி கூடுதலாகச் செலவழிப்பீர்கள். 80-ஐவிட 200 லாபமாக வேண்டுமென்றால் மூட்டைக்கு 90 சென்னுக்கு மேல் குறைய வேண்டும். ஒரு வெள்ளி குறைத்தாலும் மிச்சம் வருடத்துக்கு 60 வெள்ளிதான். அதற்காக ஸ்டோரை நிரப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்த 15 வெள்ளியை மட்டும் நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள். 150 வெள்ளி முடங்கிக் கிடப்பதற்கு 6 சதவீதம் வைத்தால் 9 வெள்ளி. மீதி 6 வண்டுக்கும் எலிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது அதிகமில்லை. என் மாமா கடையில் புது மூட்டையைப் பழையதன் மேலேயே அடுக்குவார்கள். அடி மூட்டையைப் பிரித்தால் பருப்பில் ஊசி முனை அளவு ஓட்டை, சாக்கின் மூலையில் மாவு. கைப்பிடி அள்ளினால் விரலிடுக்கில் வண்டு ஊரும். அப்புறம் அதைச் சலித்து, காயவைத்து, விலை குறைத்துத் தள்ளுவார்கள். ஸ்டோர் வாடகையை இதில் சேர்க்காதீர்கள். மூட்டை குறைந்தாலும் வாடகை குறையாது. அதேபோல், இறக்குகூலியை மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அதை 80 வெள்ளியிலிருந்து கழித்துவிடுங்கள். எத்தனை தடவையாகப் பிரித்து எடுத்தாலும் 600 மூட்டைக்கும் அந்தக் கூலி கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

மிகச் சரியாக 80 என்று பிடிவாதமும் வேண்டாம். அந்த இடத்தில் செலவுக் கோடு தட்டையாக இருக்கும். 100 எடுத்தால் 1230, 60 எடுத்தால் 1250. லாரியில் 100 வசதியாக ஏறும் என்றால் 100 எடுங்கள், 30 வெள்ளிதான் வித்தியாசம்.

ஒன்றே ஒன்று: இந்தக் கணக்கு சீரான விற்பனைக்குத்தான். தீபாவளிக்கு முன் விற்பனை இரட்டிப்பானால், அந்த வேகத்துக்கு ஏற்ற அளவு 160 அல்ல. 80-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் சுமார் 113. பண்டிகை முடிந்ததும் விற்பனை விழும் என்பதால், கடைசி லோடை மட்டும் அதைவிடச் சிறியதாக எடுங்கள்.