மோர்பின் குளிசையும் ‘பழக்கமாகாத’ ஊசியும்

“அப்பாவுக்கு எலும்பு வரைக்கும் பரவின கேன்சர். மூணு மாசமா மோர்பின் குளிசை. 10 மி.கி.யில தொடங்கி இப்ப நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 20 மி.கி. ராத்திரி பத்துக்குக் குடுத்தா, தூங்குற மனுசன எழுப்ப மனசு வராம காலை ஆறுக்குத்தான் அடுத்தது. விடியக்குள்ள கொட்டாவி, மூக்கால தண்ணி, வேர்வை, நடுக்கம். அடிமையாகிட்டாரா? டவுன்ல ஒருத்தர் பழக்கமாகாத ஊசி இருக்குங்கிறார். மாத்தலாமா?”
(ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள்)

அந்த ஊசி வேண்டாம். மோர்பின் குடித்துவரும் உடம்பில் அதை ஏற்றவே விடாதீர்கள்.

முதலில் விடியற்கால நடுக்கம். சாதாரண மோர்பின் குளிசை சுமார் நான்கு மணித்தியாலம்தான் நிற்கும். பத்துக்கும் ஆறுக்கும் நடுவில் இரண்டு மணி வேளை தவறுகிறது. வாரக்கணக்காக மோர்பின் கிடைத்த நரம்புகள் அதன் அழுத்தத்துக்கு எதிராகத் தங்கள் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். மருந்து இறங்கியதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சி, கொட்டாவியாகவும் வேர்வையாகவும் வெளிவருகிறது. இது உடல் சார்பு; யாருக்கும் வரும். அடிமைத்தனம் என்பது வலியில்லாதபோதும் மருந்தைத் தேடி அலைவது. அப்பா அப்படி அலையவில்லையே.

இதற்கு வழி இருக்கிறது. படுக்கும்போது ஒரே தடவையில் இரண்டு வேளை அளவு, அதாவது 40 மி.கி. கொடுத்து இரண்டு மணி வேளையை விட்டுவிடுவது வழக்கம். சிறுநீரகம் பழுதானவருக்கு மோர்பினின் கழிவு உடம்பில் தேங்கும். அதனால் கிளினிக் டொக்டரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

10 மி.கி. 20 ஆனதற்குப் பழகிப்போனதே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். உடம்பு மருந்துக்குப் பழகுவது உண்மைதான். ஆனால் புற்றுநோயில் அளவு ஏறுவதற்குப் பெரும்பாலும் நோய் கூடி வலி கூடுவதே காரணம். டொக்டர் இன்னும் ஏற்றலாம்.

இனி அந்த ஊசி. மோர்பின் போன்ற மருந்துகள் போய் அமர நரம்பில் மியூ, கப்பா, டெல்ட்டா என்று மூன்று வகைக் கதிரைகள் உண்டு. மோர்பின் வலியை அடக்குவது முக்கியமாக மியூவில் அமர்ந்து. ‘பழக்கமாகாதது’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பென்டசோசின், நல்பியூபின், பியூட்டார்பனோல் போன்றவை. இவை கப்பாவில் அமர்ந்து ஓரளவு வலி தீர்க்கும். மியூவிலோ மோர்பினைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலையைச் சரியாகச் செய்யாது. இரவு வேளை தவறியும் ஒரு நாளைக்கு 100 மி.கி. குடிக்கும் அப்பாவுக்கு இதைப் போட்டால், விடியலில் மெல்ல வரும் நடுக்கம் நிமிடங்களில் முழுவேகத்தில் வரும்: வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, வயிற்றோட்டம், கூடவே அடங்கியிருந்த வலி.

‘பழக்கமாகாதது’ என்பதும் பொய். பென்டசோசின் 1967இல் அமெரிக்காவில் அந்த நம்பிக்கையோடுதான் வந்தது. குளிசையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வோர் பெருகியதால் 1983இல் அதனுடன் நலோக்சோன் என்ற எதிர்மருந்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஊசிக்காரரிடம் அம்பியூலைக் காட்டச் சொல்லுங்கள். பெயரைச் சுரண்டியிருந்தாலோ காட்ட மறுத்தாலோ அப்பாவைக் கூட்டிக்கொண்டு எழும்பிவிடுங்கள்.

ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், பதறி மோர்பின் குளிசைகளை அடுக்கிக் கொடுக்காதீர்கள். ஊசி மூன்று நான்கு மணித்தியாலத்தில் இறங்கும். அப்போது அடுக்கிய குளிசை முழுவதும் ஒன்றாக வேலை செய்து மூச்சை அடக்கிவிடும். அம்பியூலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போவது, இவற்றில் எதைக் கண்டாலும் அப்படியே.

இப்படிப்பட்ட ஊசிக்காரர்களை வளர்ப்பது நம் விநியோகம்தான். தோட்ட டிஸ்பென்சரியில் மோர்பின் இல்லை. நடக்க முடியாத நோயாளியின் மகள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, நாள் முழுக்க வரிசையில் நின்று, “முடிஞ்சுது, அடுத்த வாரம் வாங்க” என்று கேட்டுத் திரும்ப வேண்டும். தினமும் குடிக்கும் மருந்துக்கு அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. கையில் ஐந்து நாள் மருந்து மிஞ்சும்போதே கிளினிக்குக்குப் போங்கள். மருந்து இல்லை என்றால், எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று எழுதித் தரும்வரை நகராதீர்கள். இடையில் சில நாள் விட்டுப்போனால் பழைய அளவில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். பழக்கம் குறைந்த உடம்புக்கு முன்பு தாங்கிய அளவே கூடிப்போகலாம்.

உடம்பு பழகாத ஒன்று மலச்சிக்கல். மயக்கமும் குமட்டலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். குடல் மட்டும் மூன்று மாதம் போனாலும் பழகாது. அளவை ஏற்றினால் சிக்கலும் ஏறும். “சாப்பிடவே இல்லை, எங்கே போகும்” என்று விடாதீர்கள். சாப்பிடாவிட்டாலும் மலம் உண்டாகும். மோர்பின் உள்ளவரை சென்னா அல்லது பிசகோடில் என்ற மலமிளக்கி தினமும் இரவில் வேண்டும், ‘வராத நாளில் மட்டும்’ அல்ல. தண்ணீர் அதிகம் குடிக்காதவருக்கு இசப்கோல் என்ற நார்த்தூள் கொடுத்தால் இன்னும் இறுகும். மூன்று நாள் போகாமல் வயிறு உப்பினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் கொண்டுபோங்கள். மூன்று நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அதை வயிற்றோட்டம் என்று நினைத்துச் சென்னாவை நிறுத்தவோ வயிற்றோட்டக் குளிசை கொடுக்கவோ வேண்டாம். இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம். விரலால் சோதித்துப் பார்க்கும்படி டொக்டரிடம் கேளுங்கள்.