பெரியப்பா அனுப்பிய ஒற்றை வரி

"போச்சம்பள்ளி பக்கம் பெரியப்பா மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். பெங்களூரா மாங்காய்க்குக் கேட்ட அடிமாட்டு விலையை அனுப்பினேன். 'ரொம்ப சந்தோஷம், எல்லா மரத்தையும் வெட்டிடு' என்று பதில் வந்தது. மரம் வெட்டுபவரைக் கூப்பிடவா?"

இன்றைக்குக் கூப்பிடாதீர்கள். விலை விழுந்த செய்திக்கு யாருக்கு சந்தோஷம் வரும்? அந்த முதல் இரண்டு சொல்லே குத்தல்தான். ஆனாலும் விலை கிடைக்காமல் மாமரத்தை நிஜமாகவே வெட்டியவர்கள் நம் கிருஷ்ணகிரிப் பக்கம் உண்டு. அதனால் வெறும் கோபம் என்று நீங்களாக முடிவுகட்டிவிடவும் முடியாது.

போன் போட்டுக் கேளுங்கள். ஆனால் "நிஜமாவா பெரியப்பா?" என்று மட்டும் வேண்டாம். எரிச்சலில் இருப்பவர் "பின்னே, பொய்யா?" என்பார், நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். வேலையின் விவரத்தைக் கேளுங்கள்: "கிணற்றடி வரிசையில் ஆரம்பிக்கட்டுமா? மரம் என்ன விலைக்குப் பேசட்டும்?" வெட்டத் தீர்மானித்தவரிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கும். வயிற்றெரிச்சலில் சொன்னவர் "டேய், இருடா!" என்று பதறுவார்.

நான் கேட்காமல் பட்டவன். பாலக்கோட்டில் தக்காளி விலையைச் சொன்னதும் அண்ணன் "ரோட்டுல கொட்டிட்டு வா" என்று அனுப்பினார். அங்கே அதுவும் நடக்கிறதுதானே, 12 பெட்டித் தக்காளியையும் கொட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தால், "கிடைச்ச விலைக்குத் தள்ளியிருந்தா வண்டி வாடகையாவது தேறியிருக்குமேடா" என்கிறார்.

தக்காளி போனால் மூன்று மாதத்தில் அடுத்தது வந்துவிடும். மா ஒட்டுக்கன்று ஒழுங்காகக் காய்ப்புக்கு வர நாலைந்து வருஷம் ஆகும்.