மூன்று பேருக்கு ஒரு வேளை, ஃப்ரீசருக்கு இன்னொரு வேளை

திருச்சியில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்கென்று சமைப்பது மூன்று பேருக்குத்தான். வாரத்தில் இரண்டு நாள் அந்த மூன்று பேர் குழம்பை ஆறு பேர் அளவாக வைத்து, பாதியை உறைய வைத்துவிடுவேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொண்டைக்கடலைக் குழம்பை வைத்தே பதில் சொல்கிறேன், உறைவதற்கு அதைவிட நல்ல குழம்பு எனக்குத் தெரியாது.

மூன்று பேர் அளவை அப்படியே இரண்டால் பெருக்கினேன். முதலில் தண்ணியாக இருந்தது, சுண்ட வைத்ததும் உப்புக் கரித்தது. எங்கே தப்பு?

தண்ணீரில்தான். கொதிக்கும்போது எவ்வளவு ஆவியாகும் என்பதைப் பாத்திரத்தின் வாய் அகலமும் கொதிக்கும் நேரமும் முடிவு செய்கின்றன. குழம்பு எவ்வளவு என்பதற்கு அதில் பங்கு குறைவு. என் வாணலியில் மூன்று பேருக்கு இரண்டரை டம்ளர் ஊற்றினால் கால் மணி நேரத்தில் அரை டம்ளர் போய், இரண்டு டம்ளர் நிற்கும். ஆறு பேருக்கு நிற்க வேண்டியது நான்கு. அதே வாணலி, அதே நேரம் என்றால் போவதும் ஏறக்குறைய அதே அரை டம்ளர்தான். ஆக நாலரை போதும். நீங்கள் ஐந்து ஊற்றியிருப்பீர்கள்.

உப்பு கடைசியில் இரண்டு மடங்கு வேண்டியதுதான், ஆனால் முதலிலேயே முழுதும் போடாதீர்கள். முக்கால் பங்கு போட்டு, குழம்பு பதத்துக்கு வந்த பிறகு ருசி பார்த்து மீதியைப் போடுங்கள். புளிக்கும் அப்படித்தான். புதுப்புளி ஒரு மாதிரி, பழம்புளி ஒரு மாதிரி, அதில் கணக்கு செல்லாது. எண்ணெய் ஒன்றரை மடங்கு போதும்.

கடலை இரண்டு மடங்கு என்றால் விசிலும் இரண்டு மடங்குதானே? நான் பத்து விசில் விடுகிறேன், நன்றாகவே வேகிறது.

வேகும், குழைந்தும் போகும். பாதி சரியாகச் சொல்கிறீர்கள்: கடலையும் தண்ணீரும் கூடினால் குக்கர் சூடேற நேரம் பிடிக்கும், முதல் விசில் தாமதமாக வரும். ஆனால் அழுத்தம் வந்த பிறகு ஒவ்வொரு கடலையும் வேக அதே நேரந்தான். வழக்கமாக ஐந்து விசில் விடுபவர் இரண்டு மடங்குக்கும் ஐந்தே விடலாம்.

உறைய வைக்கும் கடலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், தோல் கழன்றிருக்கக் கூடாது. உறைந்து உருகி மறுபடி கொதிக்கும்போது அது இன்னும் ஒரு படி இளகிவிடும். நான் 300 கிராம் கடலையை இரவே ஊற வைத்து, 5 லிட்டர் குக்கரில் வேக வைக்கிறேன். பருப்பு, கடலை வகைக்குத் தண்ணீரும் சேர்த்து குக்கரில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுரை மேலே வந்து விசில் குழாயை அடைத்துவிடும்.

மதியம் சாப்பிட்டு மிஞ்சியதை ராத்திரி ஃப்ரீசரில் வைக்கிறேன். எடுத்துச் சூடாக்கினால் பழைய குழம்பு வாசம்தான் வருகிறது.

நீங்கள் வைப்பது மிச்சம், அதனால் மிச்சத்தின் வாசம் வருகிறது. மூன்று நான்கு முறை கரண்டி போட்டு, ஒரு முறை சூடாக்கி, அரை நாள் அடுப்பு மேடையில் கிடந்த குழம்பு அது. உறைய வைப்பதால் அது புதிதாகாது, இருந்த நிலையிலேயே நிற்கும்.

அதனால் ஃப்ரீசர் பங்கை இலை போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இன்னும் சொன்னால், குழம்பு முடிவதற்கும் முன்பே. நான் செய்வது இப்படி: சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கி, குழம்புப் பொடி போட்டு, புளிக்கரைசலும் வெந்த கடலையும் சேர்ந்து பச்சை வாசனை போகக் கொதித்ததும் அடுப்பை அணைப்பேன். அப்போதே பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவேன். வாணலியில் நிற்பது இன்றைய பங்கு. அதற்கு மட்டும் அரைத்த தேங்காய் மூன்று மேசைக்கரண்டி, தாளிப்பு, கொத்தமல்லி. மாற்றி வைத்ததற்கு எதுவும் கிடையாது, அது பத்து நாள் கழித்து வெளியே வரும்போது புதிதாகத் தாளித்துக்கொள்ளும். கடுகும் கறிவேப்பிலையும் அன்றைக்குப் பொரிந்தால், சாப்பிடுகிறவருக்கு அது அன்று வைத்த குழம்புதான்.

உருளைக்கிழங்கு போடுகிற வழக்கமிருந்தால் அதையும் பிரித்த பிறகு, இன்றைய பங்கில் தனியாக வேக வைத்துப் போடுங்கள். உறைந்த உருளை ஸ்பாஞ்சு மாதிரி ஆகிவிடும், கடித்தால் தண்ணீர் பீய்ச்சும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். கத்தரிக்காய் கரைந்துவிடும்.

நான் தேங்காய் அரைத்து ஊற்றியே ஐந்து வருஷமாக ஃப்ரீசரில் வைக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். நைசாக அரைத்த விழுது கொஞ்சம் திரிந்த மாதிரி தெரியும், கொதிக்க வைத்துக் கிளறினால் சேர்ந்துவிடும். கெட்டுப்போவது தேங்காய்ப்பால் ஊற்றியவைதான். எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரிந்துவிடும். யாழ்ப்பாணத்துச் சொதியை அப்படியே உறைய வைத்துவிட்டுப் பிறகு வருந்திய தோழி ஒருத்தி எனக்கு உண்டு. மோர்க்குழம்புக்கும் அதே கதிதான்.

ஆனாலும் நான் தேங்காயைத் தனியாகத்தான் வைப்பேன். வெயில் காலத்தில் ஆற வைக்கிற நேரத்துக்குள்ளேயே தேங்காய் போட்ட குழம்பு முகம் மாறத் தொடங்கும். உங்கள் ஊர் குளிர்ச்சியோ என்னவோ.

சூடாக உள்ளே வைக்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். முழுசாக ஆற மூன்று மணி நேரமாகிறது. அதுவரை வெளியே இருக்கலாமா?

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சூடான பாத்திரம் உள்ளே போனால் பக்கத்தில் உறைந்திருப்பதெல்லாம் இளகும். ஆனால் மூன்று மணி நேரம் அதிகம். சமைத்த உணவு வெளியே இருக்க இரண்டு மணி நேரந்தான் கணக்கு, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம். நம் ஊர் சித்திரை வைகாசியில் அடுப்படிக்குள் எத்தனை டிகிரி என்று சொல்லவே வேண்டாம். கெடுவது முக்கியமாக வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில்தான்.

ஆகவே தானாக ஆறட்டும் என்று விடாதீர்கள். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் அதை வைத்து இடையிடையே கிளறுங்கள். பேசின் தண்ணீர் சுட்டதும் மாற்றுங்கள், ஒரு தட்டு ஐஸ் போட்டால் இன்னும் நல்லது. அரை மணியில் கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்துவிடும். ஆழமான குண்டானில் ஆற வைத்தால் ஓரம் ஆறியிருக்கும், நடுவில் கையை விட்டால் சுடும்.

மூன்று பேர், மூன்று டப்பா. சரிதானே?

உங்கள் வீட்டில் மூவரும் ஒரே அளவு சாப்பிட்டால் சரி. எங்கள் வீட்டில் அவருக்கு 300 மில்லி, எனக்கு 200, பையனுக்கு 100 போதும். அதனால் 100 மில்லியை ஓர் அலகாக வைத்து ஆறு பங்கு போடுவேன். கப்கேக் சுடும் சிலிக்கான் அச்சில் ஊற்றி உறைந்ததும் தட்டி எடுத்து, ஒரே ஜிப் பையில் போட்டுவிடலாம். பையனுக்கு மட்டும் வேண்டுமென்றால் ஒன்று, எல்லாருக்கும் என்றால் ஆறு.

டப்பாதான் என்றால் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள், தண்ணீர் உறையும்போது விரியும். கண்ணாடி வேண்டாம். பழைய ஊறுகாய் பாட்டிலில் ரசம் வைத்து, மறுநாள் கண்ணாடிச் சில்லு பொறுக்கியவள் நான். பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள், உறைந்த பிறகு சாம்பாரும் காரக்குழம்பும் ஒரே முகந்தான். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் ருசி நிற்கும்.

நான் ஒரு கிலோ கோழி வாங்கி, பாதியைப் பச்சையாகவே ஃப்ரீசரில் வைக்கிறேன். அதை எத்தனை பங்காகப் போடுவது?

நாம் பேசிக்கொண்டிருப்பது சமைத்த உணவை, ஐயா. பச்சைக்கறியை வைத்தால் அன்றைக்கு மறுபடி வெங்காயம் உரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கிலோவையும் ஒன்றாகக் குழம்பு வைத்து மேலே சொன்ன மாதிரி பாதியை எடுத்து வையுங்கள். எலும்புத் துண்டு அச்சில் உட்காராது, தட்டையான டப்பாதான்.

எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். கரண்ட் வேறு அடிக்கடி போகும். இதெல்லாம் எங்களுக்கு ஒத்து வருமா?

அந்தச் சின்ன அறை பல வீடுகளில் ஐஸ் கட்டும், ஆனால் மைனஸ் 18 டிகிரிக்குப் போகாது. ஐஸ்கிரீமை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். ஸ்பூன் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அங்கே குழம்பை மாதக்கணக்கில் நம்ப வேண்டாம், ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

கரண்டுக்கு ஒரு வழி: ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஊருக்குப் போய் வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி கட்டியிருக்கிறது, கொட்டிவிடுங்கள். மூடியே வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும் என்பது பெரிய ஃப்ரீசருக்கான கணக்கு. உங்களுடையதற்கு அதை நம்ப மாட்டேன்.

எடுத்த பிறகு பூண்டு வாடை தூக்கலாக இருக்கிறது. எனக்கு மட்டுந்தானா?

எனக்கும் அப்படித்தான். பூண்டும் கிராம்பும் உறைந்த பிறகு முன்னால் வந்து நிற்கின்றன. நான் பூண்டைக் குறைத்துப் பார்த்தேன், அன்றைய பங்கு சப்பென்று ஆனது. இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இப்போதைக்கு எடுக்கும் அன்று ஒரு சிட்டிகை வெல்லம் போட்டு ஒப்பேற்றுகிறேன்.

எடுப்பது எப்படி என்று இன்னும் இருவர் கேட்டிருந்தார்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால் கட்டியாகவே வாணலியில் போட்டு, கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூடிச் சிறுதீயில் வையுங்கள். மேடை மேல் வைத்து உருக விடாதீர்கள். நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு முறை உருகியதைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

சோற்றையும் சேர்த்தே உறைய வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எதற்கு? குழம்பு உருகிக் கொதிக்கிற நேரத்தில் குக்கரில் சோறு ஆகிவிடும். அந்த இடத்தில் இட்லியை வையுங்கள். உறைந்ததை அப்படியே இட்லித்தட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஆவி காட்டினால் போதும்.